அத்தியாயம் 4: ஆர்டர் கையாளுதலுக்கு எல்லை போடும் ஐந்து பத்திப் படம்

"ஆர்டர் கையில் வந்து எத்தனை நாளில் தறிக்குப் போகிறது?" என்று உங்கள் நிறுவனத்தில் நான்கு பேரைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். முதலாளி ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் பையர் தலையசைத்த நாளிலிருந்து எண்ணுவார். மெர்ச்சண்டைசர் பி.ஓ. மெயில் வந்த நாளிலிருந்து எண்ணுவார். உற்பத்தி மேலாளருக்கு ஆர்டர் ஷீட் அவர் மேசைக்கு வந்த நாள்தான் முதல் நாள். கணக்கருக்கோ முன்பணம் வங்கியில் ஏறும்வரை அது ஆர்டரே இல்லை. நால்வரும் சொல்வது உண்மைதான். ஆனால் நால்வரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் "ஆர்டர் கையாளுதலைச் சீர்செய்வோம்" என்று இறங்கினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

எதைச் சீர்செய்யப் போகிறோம், எதைத் தொடப் போவதில்லை என்பதை ஒரே தாளில் கொண்டுவரும் படம்தான் சைபாக். இதில் ஐந்து பத்திகள் உண்டு: வழங்குநர், உள்ளீடு, செயல்முறை, வெளியீடு, வாடிக்கையாளர். யார் தருகிறார், என்ன தருகிறார், நாம் என்ன செய்கிறோம், என்ன வெளியே போகிறது, அதை யார் வாங்கிக்கொள்கிறார் என்று இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வரையும் வரிசை மட்டும் வேறு. அதைக் கீழே பார்ப்போம்.

## எடுத்துக்காட்டு நிறுவனம்

இந்த அத்தியாயத்துக்காகக் கரூரில் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசை விரிப்பு ஆகியவை அதன் சரக்கு. நூல் வெளியிலிருந்து வருகிறது. சாயமும் நெசவும் ஜாப் ஒர்க். வெட்டுதல், தையல், சோதனை, பேக்கிங் ஆகியவை சொந்தக் கூடத்தில் நடக்கின்றன. சரக்கு தூத்துக்குடி வழியாகப் போகிறது. பையர்களில் சிலர் முன்பணம் கொடுத்து, மீதியைப் பில் ஆஃப் லேடிங் நகல் பார்த்து அனுப்புகிறார்கள். சிலர் எல்.சி. திறக்கிறார்கள். நாம் பின்தொடரப் போகும் ஆர்டர், ஜெர்மனிப் பையர் ஒருவருக்கான 12,000 சமையலறைத் துண்டு.

## வேண்டியவை

- பெரிய சார்ட் பேப்பர் இரண்டு, ஒட்டுத்தாள், தடித்த பேனா. கணினியில் வரையத் தொடங்காதீர்கள். விசைப்பலகை ஒருவர் கையில் இருந்தால் மற்றவர்கள் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.
- மெர்ச்சண்டைசர், உற்பத்தி மேலாளர், கொள்முதல் பார்ப்பவர், பேக்கிங் சூப்பர்வைசர், கணக்கர். முதலாளி தொடக்கத்தில் பத்து நிமிடமும் முடிவில் பத்து நிமிடமும் இருந்தால் போதும். நடுவில் அவர் இருந்தால் "நம்ம கம்பெனியில் இப்படித்தான் நடக்குது" என்பதற்குப் பதிலாக "இப்படித்தான் நடக்கணும்" என்ற பதில்தான் வரும்.
- சரக்குப் போய் முடிந்த ஐந்து ஆர்டர்களின் கோப்பு, மெயில் தேதிகளோடு. இதில் குறைந்தது ஒன்றாவது பிரச்சினையில் முடிந்ததாக இருக்கட்டும்.
- இரண்டு மணி நேரம். கன்டெய்னர் ஏற்றும் நாளில் வைக்காதீர்கள்.

## படி 1: தொடக்கத்தையும் முடிவையும் முதலில் ஒட்டுங்கள்

தாளின் நடுப்பத்தியில், மேல் நுனியில் ஒரு ஒட்டுத்தாள், கீழ் நுனியில் ஒன்று. இவை இரண்டும் ஒட்டப்படும்வரை வேறு எதையும் எழுதக் கூடாது.

தொடக்கம் என்பது கண்ணால் பார்த்துத் தேதி குறிக்கக்கூடிய நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். "பையர் ஆர்டர் கொடுக்கும்போது" என்றால் அதற்குத் தேதி கிடையாது. "பி.ஓ. இணைப்புடன் கூடிய மெயில் நம் இன்பாக்ஸுக்கு வரும்போது" என்றால் தேதி மட்டுமல்ல, நேரமே இருக்கிறது. முடிவும் அப்படித்தான். "ஆர்டர் உற்பத்திக்குப் போகும்போது" என்பது போதாது. "ஆர்டர் ஷீட்டை உற்பத்தி, கொள்முதல், பேக்கிங், கணக்கு நால்வரும் பெற்றுக் கையெழுத்திடும்போது" என்று எழுதினால் அதைச் சரிபார்க்க முடியும்.

சண்டை இங்கேதான் வரும். வரட்டும். நம் கரூர் நிறுவனத்தில் அது இப்படி நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"சார், பணம் நிக்கிறது பேங்க்லதான். எல்.சி. டாகுமென்ட் தப்பாப் போகுது. அதையும் இதுல சேர்த்தாத்தான் எனக்குப் பிரயோசனம்" என்கிறார் கணக்கர்.

"அப்படிப் பார்த்தா சாம்பிளையும் சேர்க்கணுங்க. லேப் டிப் அப்ரூவல் இழுக்கிறதாலதான் எல்லாமே இழுக்குது" என்கிறார் மெர்ச்சண்டைசர்.

இருவரும் சொல்வது நியாயம்தான். ஆனால் இருவர் பேச்சையும் ஏற்றால் படம் சாம்பிளில் தொடங்கி வங்கியில் முடியும். அது நிறுவனம் முழுவதும்தான். ஐந்து பேர் சேர்ந்து மூன்று மாதத்தில் சீர்செய்யும் அளவு அல்ல. எல்லையைச் சுருக்க ஒரு கேள்வி உதவும்: இந்த அறையில் இருப்பவர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் மாற்றக்கூடிய வேலை எது? சாம்பிளின் வேகம் சாயப்பட்டறையையும் பையரின் வடிவமைப்பாளரையும் பொறுத்தது. வங்கி ஆவணம் கஸ்டம்ஸ் ஏஜென்ட், கப்பல் கம்பெனி என்று விரிந்து போகும். பி.ஓ. மெயிலிலிருந்து ஆர்டர் ஷீட் வரை உள்ள வேலை மட்டும் இந்த ஐவர் கையில் இருக்கிறது. ஆகவே அதுவே எல்லை.

வெளியே தள்ளியவற்றைக் காற்றில் விடாதீர்கள். இரண்டாவது சார்ட்டை ஓரமாக ஒட்டி, "இப்போது தொடவில்லை" என்று தலைப்பிட்டு, கணக்கரின் குறையையும் மெர்ச்சண்டைசரின் குறையையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். எழுதியதைப் பார்த்தால் அவர்களே அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார்கள். கணக்கரின் குறை படி 4இல் வேறு வழியாக உள்ளே வரப்போகிறது.

## படி 2: நடுப்பத்தியில் ஐந்து முதல் ஏழு படிகள்

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நடப்பதை வினையோடு எழுதுங்கள். நம் நிறுவனத்துக்கு இப்படி வரும்:

1. பி.ஓ.வைப் பெற்று ஆர்டர் எண் போடுதல்
2. விலைக் கோட்டேஷனோடும் ஒப்புதல் பெற்ற சாம்பிளோடும் ஒப்பிடுதல்
3. மாறுபாடுகளைப் பையரிடம் கேட்டுத் தீர்த்தல்
4. நூல், சாயம், தறி ஆகியவற்றுக்குத் தேதி வாங்குதல்
5. புரோஃபார்மா இன்வாய்ஸ் அனுப்பி ஆர்டரை உறுதிசெய்தல்
6. ஆர்டர் ஷீட் எழுதி நால்வருக்கும் கொடுத்தல்

ஏழைத் தாண்டினால் நீங்கள் வேறு படம் வரைந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். "மெயிலைத் திறத்தல், பிரின்ட் எடுத்தல், ஃபைலில் வைத்தல்" எல்லாம் முதல் படிக்குள்ளேயே அடங்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு: படிகளுக்குப் பதிலாகத் துறைப் பெயர்களை எழுதுவது. "மெர்ச்சண்டைசிங் → கொள்முதல் → உற்பத்தி" என்றால் யார் என்பது தெரிகிறது, என்ன என்பது தெரியவில்லை. ஒட்டுத்தாளில் வினை இல்லையென்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: "பையர் தாமதமாகப் பதில் தருதல்" என்று யாராவது ஒட்டுவார்கள். அது படி அல்ல, புகார். ஓரச் சார்ட்டுக்குப் போகட்டும். "புது சாஃப்ட்வேர் போடுதல்" என்ற யோசனையும் அங்கேதான் போக வேண்டும். இன்று நடப்பதை மட்டும் வரைகிறோம்.

## படி 3: வெளியீடு

ஒவ்வொரு படியும் முடிந்ததும் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தாளாகவோ கோப்பாகவோ மெயிலாகவோ அது இருக்க வேண்டும். நம் ஆர்டரில் முக்கியமானவை மூன்று: பையருக்குப் போகும் புரோஃபார்மா இன்வாய்ஸ், உள்ளே போகும் ஆர்டர் ஷீட், நூல் மற்றும் சாயத்துக்கான கொள்முதல் கோரிக்கை. "பையர் திருப்தி", "காலத்தோடு டெலிவரி" போன்றவற்றை இந்தப் பத்தியில் எழுதாதீர்கள். அவை பலன்கள். மேசைமேல் வைத்துக் காட்ட முடியாத எதுவும் இங்கே வராது.

இந்தப் பத்திக்குப் பத்து நிமிடம் போதும்.

## படி 4: வாடிக்கையாளர், அவருக்கு வேண்டியது

பெரும்பாலோர் இந்தப் பத்தியில் "பையர்" என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் நாம் எல்லை போட்ட வேலையில் பையர் வாங்குவது ஒரே ஒரு தாளைத்தான், அதாவது புரோஃபார்மா இன்வாய்ஸை. ஆர்டர் ஷீட்டை வாங்குபவர்கள் உற்பத்தி, கொள்முதல், பேக்கிங், கணக்கு ஆகிய நான்கு உள் வாடிக்கையாளர்கள். இந்த நால்வரையும் தனித்தனி ஒட்டுத்தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "இந்தத் தாளில் எது இல்லாவிட்டால் உங்கள் வேலை நிற்கும், அல்லது தப்பாகும்?"

உற்பத்தி மேலாளருக்கு முடித்த அளவு, ஜி.எஸ்.எம்., நூல் எண், நிறம், எத்தனை பீஸ், எந்தத் தேதிக்குள் என்பவை வேண்டும். பேக்கிங் சூப்பர்வைசருக்கு மடிப்பு முறை, லேபிள், பார்கோடு, ஒரு கார்ட்டனில் எத்தனை, கார்ட்டன் மேல் என்ன குறி என்பவை வேண்டும். இவை எதிர்பார்த்தவைதான். கணக்கரைக் கேட்கும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கிறது.

12,000 துண்டு ஆர்டர். சேதத்துக்கு இடம்விட்டு 3 சதவீதம் கூட்டி, 12,360 துண்டுக்கு நெசவு போட்டார்கள். கறை, இழை விடுதல், அளவுக் குறைவு என்று கழித்ததில் 11,910 தேறியது. உற்பத்திக்கு இது நல்ல கணக்கு. பையரும் போனில் "அனுப்புங்கள்" என்றுவிட்டார். ஆனால் எல்.சி.யில் 12,000 பீஸ் என்று மட்டும் இருந்தது, கூடக்குறைய அனுமதி இல்லை. வங்கி ஆவணத்தில் முரண்பாடு என்று எழுதிவிட்டது.

இங்கே பலர் நம்பியிருக்கும் ஒரு விதி கைகொடுக்காது. எல்.சி.களை ஆளும் சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600, எல்.சி. வேறுவிதமாகச் சொல்லாத இடத்தில் அளவில் 5 சதவீதம் கூடக்குறைய இருக்க அனுமதிக்கிறது. ஆனால் எல்.சி.யில் அளவு கிலோவாகவோ மீட்டராகவோ இருந்தால்தான் இந்தச் சலுகை உண்டு. இத்தனை பீஸ், இத்தனை பெட்டி என்று எண்ணிக்கையாகச் சொல்லியிருந்தால் கிடையாது. துண்டு பீஸில்தான் விற்கிறது. ஆகவே "எண்ணிக்கையிலும் தொகையிலும் 3 சதவீதம் கூடக்குறைய அனுமதி" என்ற வாசகம் எல்.சி.யிலேயே இருக்க வேண்டும். அது எல்.சி.யில் வர வேண்டுமென்றால் பையர் எல்.சி. திறக்கும் முன் அவர் கைக்குப் போகும் புரோஃபார்மா இன்வாய்ஸில் இருக்க வேண்டும். புரோஃபார்மா இன்வாய்ஸ் நம் நடுப்பத்தியின் ஐந்தாவது படி.

ஆக, வங்கி ஆவணம் எல்லைக்கு வெளியே. ஆனால் வங்கியில் பணம் நிற்பதற்கான விதை எல்லைக்கு உள்ளே. கணக்கரின் பெயருக்கு எதிரே இப்படி எழுதுங்கள்: கூடக்குறைய சதவீதம், பகுதி அனுப்புதல் உண்டா இல்லையா, கடைசி ஷிப்மென்ட் தேதி, பையரின் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து, சரக்கு விவரம் எப்படி எழுதப்பட வேண்டும், ஆவணம் வங்கிக்குத் தர எத்தனை நாள். கடைசியாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. யு.சி.பி. 600இன்படி, பில் ஆஃப் லேடிங் போன்ற போக்குவரத்து ஆவணத்தின் மூலத்தைச் சேர்த்துத் தரும்போது, கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கிக்குத் தர வேண்டும். எல்.சி. அதைவிடக் குறைத்துச் சொன்னால் அதுவே செல்லும். எப்படியானாலும் எல்.சி. காலாவதியாவதற்குள் தந்தாக வேண்டும்.

குறிப்பு: "ஷிப்மென்ட் தேதி" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். ஃபார்வார்டரின் கிடங்கில் சரக்கை ஒப்படைக்கும் தேதியா, கப்பலேறும் தேதியா? எல்.சி.க்குப் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள கப்பலேறிய தேதிதான் கணக்கு. ஜெர்மனிப் பையர்கள் பி.ஓ.வில் `KW 38` என்று போடுவதும் வழக்கம். அது ஆண்டின் 38ஆம் வாரம். அந்த வாரத்தின் எந்த நாள், எந்த இடத்தில் என்பதைக் கேட்டுத் தேதியாக மாற்றிய பிறகே ஆர்டர் ஷீட்டில் ஏற்றுங்கள்.

## படி 5: உள்ளீடு, நிபந்தனையோடு

இப்போது நடுப்பத்தியின் இடப்பக்கம். ஒவ்வொரு படியையும் செய்ய என்ன தேவை? பி.ஓ., விலைக் கோட்டேஷன், ஒப்புதல் பெற்ற சாம்பிள், லேப் டிப் ஒப்புதல், லேபிள் வடிவம், பார்கோடு பட்டியல், கார்ட்டன் குறி, சாயப்பட்டறையின் தேதி, தறி இருப்பு, நூல் விலை.

பெயரை மட்டும் எழுதினால் இந்தப் பத்தியால் பயன் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே "எப்படி இருந்தால் ஏற்போம்" என்று ஒரு வரி எழுத வேண்டும். பார்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். "பார்கோடு பட்டியல், எக்செல்" என்று எழுதி நிறுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? 13 இலக்க எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டு `4.01234E+12` என்று காட்டும். அந்தத் தோற்றத்திலேயே யாராவது சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்துவிட்டால் பின்னிலக்கங்கள் போய்விடும். அமெரிக்கப் பையரின் 12 இலக்க எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அந்தப் பூஜ்யம் உதிர்ந்துவிடும். ஸ்டிக்கர் அச்சாகி, ஒட்டி, கார்ட்டன் மூடிய பிறகுதான் இது தெரியவரும். ஆகவே நிபந்தனை இப்படி: "உரை வடிவத்தில், 13 இலக்கமும் முழுதாக, நிறத்துக்கு ஒரு எண், பையரின் பி.டி.எஃப். நகலோடு ஒப்பிட்டது."

எல்லா உள்ளீட்டுக்கும் இந்த அளவு நுணுக்கம் வேண்டியதில்லை. சென்ற ஆண்டு எதில் தப்பு நடந்ததோ அவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். ஐந்தோ ஆறோ போதும்.

## படி 6: வழங்குநர்

ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு பெயர். பையரே இந்தப் பத்தியிலும் வருவார். பி.ஓ.வைத் தருபவர் அவர்தானே. ஒரே ஆள் இரண்டு பத்தியிலும் இருப்பது தவறல்ல. ஆனால் "பையர்" என்று மொத்தமாக எழுதாமல் பிரித்து எழுதுங்கள். பி.ஓ. வருவது பையரின் கொள்முதல் பிரிவிலிருந்து, லேபிள் வடிவம் வடிவமைப்புப் பிரிவிலிருந்து, கார்ட்டன் குறி சரக்குக் கிடங்குப் பிரிவிலிருந்து. மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பி.ஓ. வந்துவிட்டது, மற்ற இரண்டும் தானாக வரும் என்று நம் ஆள் காத்திருப்பார். வராது.

சாயப்பட்டறை, தறிக்காரர், நூல் வியாபாரி ஆகியோரும் இங்கே வருவார்கள். ஆனால் இந்தப் படத்தில் அவர்கள் தருவது நூலோ துணியோ அல்ல, தேதியும் விலையும் மட்டுமே. இதைக் குழப்பிக்கொண்டால் படம் மெல்ல மெல்ல உற்பத்திக்குள் போய்விடும். விலைக் கோட்டேஷனையும் சாம்பிள் ஒப்புதலையும் தருவது நம் மெர்ச்சண்டைசரேதான். எல்லைக்கு வெளியே உள்ள வேலையைச் செய்யும்போது அவரும் ஒரு வழங்குநர்.

இந்த நேரத்தில் சார்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும். இடம் கருதி முக்கிய வரிகள் மட்டும்:

| வழங்குநர் | உள்ளீடு | செயல்முறை | வெளியீடு | வாடிக்கையாளர் |
|---|---|---|---|---|
| பையரின் கொள்முதல் பிரிவு | பி.ஓ. | பெற்று எண் போடுதல் | ஆர்டர் பதிவேட்டில் வரி | மெர்ச்சண்டைசர் |
| மெர்ச்சண்டைசர் | கோட்டேஷன், சாம்பிள், லேப் டிப் ஒப்புதல் | ஒப்பிடுதல், கேட்டுத் தீர்த்தல் | தீர்ந்த மாறுபாடுகளின் பட்டியல் | உற்பத்தி, கணக்கு |
| சாயப்பட்டறை, தறிக்காரர், நூல் வியாபாரி | தேதி, விலை | தேதி வாங்குதல் | கொள்முதல் கோரிக்கை | கொள்முதல் |
| கணக்கர் | கட்டண நிபந்தனை, கூடக்குறைய சதவீதம் | ஆர்டரை உறுதிசெய்தல் | புரோஃபார்மா இன்வாய்ஸ் | பையர் |
| பையரின் வடிவமைப்பு, கிடங்குப் பிரிவுகள் | லேபிள், பார்கோடு, கார்ட்டன் குறி | ஆர்டர் ஷீட் எழுதுதல் | ஆர்டர் ஷீட் | உற்பத்தி, கொள்முதல், பேக்கிங், கணக்கு |

## படி 7: முடிந்த ஆர்டரை இதன்மேல் நடத்திப் பாருங்கள்

இதுவரை எழுதியது நினைவிலிருந்து வந்தது. இப்போது கோப்பைத் திறங்கள். ஒவ்வொரு உள்ளீடும் உண்மையில் எந்தத் தேதியில் வந்தது என்று மெயிலைப் பார்த்து, வேறு நிறப் பேனாவில் அதன் ஒட்டுத்தாள்மேல் எழுதுங்கள்.

நம் 12,000 துண்டு ஆர்டரில் பி.ஓ. ஜூன் 3 அன்று வந்தது. ஆர்டர் ஷீட் ஜூன் 5 அன்று வெளியானது. "நாங்கள் இரண்டே நாளில் முடித்துவிடுகிறோம்" என்று மெர்ச்சண்டைசர் சொன்னது சரிதான். ஆனால் லேபிள் வடிவம் வந்தது ஜூன் 11. பார்கோடு ஜூன் 14. கார்ட்டன் குறி ஜூன் 20. ஒவ்வொரு முறையும் ஆர்டர் ஷீட் திருத்தி அனுப்பப்பட்டிருக்கிறது. பேக்கிங் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்தது முதல் திருத்தம். கடைசித் திருத்தம் யார் மெயிலிலோ இருந்தது. இரண்டு நாளில் முடிந்ததாக நினைத்த வேலை பதினேழு நாள் நடந்திருக்கிறது. இதனால் பேக்கிங் தவறாகப் போனது. அதற்குப் பேக்கிங் ஆட்கள் பெரிதாகக் காரணமில்லை.

ஐந்து கோப்பையும் இப்படிப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே உள்ளீடு தாமதமா, அல்லது ஒவ்வொன்றிலும் வேறா? ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் சீர்திருத்தத்தின் முதல் இலக்கு கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வந்தால் உள்ளீடுகளின் நிபந்தனை வரிகளைத் திரும்ப எழுதுங்கள். ஐந்து கோப்பு எதையும் நிரூபிக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். அது திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

இந்தத் தேதிகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. நூல் வாங்கவும் சாயம் போடவும் கார்ட்டன் குறி வேண்டியதில்லை. எல்லா உள்ளீடும் வந்த பிறகே ஆர்டர் ஷீட் என்று கறாராக இருந்தால் தறி பதினேழு நாள் சும்மா நிற்கும். வந்ததை வைத்து அவசரமாக வெளியிட்டால் பேக்கிங் தப்பும். காரணம், படத்தில் ஒரே வெளியீடாக எழுதிய ஆர்டர் ஷீட் உண்மையில் இரண்டு தாள்கள். நெசவுத் தாளுக்கு அளவு, ஜி.எஸ்.எம்., நிறம், எண்ணிக்கை, தேதி போதும். பேக்கிங் தாளுக்கு லேபிள், பார்கோடு, கார்ட்டன் குறி வேண்டும். இரண்டையும் பிரித்து, முடிவையும் இரண்டாக்கி ஒட்டுங்கள். எல்லையை இப்போது மாற்றுவதில் தவறில்லை. ஒரு மாதம் கழித்து மாற்றுவதுதான் செலவு.

## பாதுகாப்பு

- வங்கிக் கணக்கு எண், விலை, பையரின் மெயில் முகவரி ஆகியவற்றைச் சார்ட்டில் எழுதாதீர்கள். சார்ட்டைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போடுவார்கள். அந்தக் குழுவில் ஜாப் ஒர்க் ஆட்களும் இருப்பார்கள்.
- புரோஃபார்மா இன்வாய்ஸ் படியில் ஒரு நிபந்தனையைக் கட்டாயம் சேருங்கள்: கணக்கு எண் மாறியதாக எந்தப் பக்கத்திலிருந்து மெயில் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போன் செய்து கேட்ட பிறகே ஏற்க வேண்டும். மெயில் பெட்டியை ஊடுருவி, ஏற்றுமதியாளர் பெயரிலேயே "எங்கள் வங்கி மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதும் மோசடி இந்தத் தொழிலில் நடப்பதுதான். நம் கணக்கு எண் மெயில் மூலம் மாறாது என்று பையரிடமும் முதல் ஆர்டரிலேயே சொல்லிவையுங்கள்.
- படம் வரையும் வாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர் எதிலும் முறையை மாற்றாதீர்கள். பாதி ஆர்டர் பழைய தாளிலும் பாதி புதிய தாளிலும் ஓடினால் இரண்டும் கெடும். புதிய முறையை அடுத்து வரும் ஒரு புது பி.ஓ.வில், கட்டணம் சிக்கலில்லாத பையரிடம் தொடங்குங்கள்.

## படி 8: எல்லையை ஐந்து வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

சார்ட்டைச் சுருட்டி வைப்பதற்கு முன், முதலாளியை மறுபடி அழைத்து அவர் முன்னால் இதை எழுதுங்கள்:

1. தொடக்கம்: பி.ஓ. இணைப்புடன் மெயில் இன்பாக்ஸுக்கு வந்த தேதி.
2. முடிவு: நெசவுத் தாளை உற்பத்தியும் கொள்முதலும், பேக்கிங் தாளை பேக்கிங்கும், இரண்டையும் கணக்கரும் பெற்றுக் கையெழுத்திட்ட தேதி.
3. உள்ளே: ஒப்பிடுதல், பையரிடம் கேட்டல், தேதி வாங்குதல், புரோஃபார்மா இன்வாய்ஸ், இரண்டு தாள்கள்.
4. வெளியே: விலை பேசுதல், சாம்பிள், நெசவு, தையல், கஸ்டம்ஸ், வங்கி ஆவணம்.
5. அளவுகோல்: தாள் வெளியான பிறகு வந்த திருத்தங்களின் எண்ணிக்கை, பி.ஓ. தேதியிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் ஆன நாட்கள்.

அளவுகோலில் நாட்களை மட்டும் வைத்தால் எல்லோரும் அரைகுறைத் தாளை வேகமாக வெளியிடத் தொடங்குவார்கள். திருத்தங்களின் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருந்தால் அது நடக்காது.

நான்காம் வரியை முதலாளி படிக்கும்போது பெரும்பாலும் "சாம்பிளையும் சேர்த்துக்கலாமே" என்பார். ஓரச் சார்ட்டைக் காட்டுங்கள். சாம்பிளைச் சேர்ப்பதானால் சாயப்பட்டறைக்காரரும் இந்தக் கூட்டத்துக்கு வர வேண்டும், காலமும் இரட்டிப்பாகும் என்று சொல்லி, முடிவை அவரிடமே விடுங்கள். அவர் சேர்க்கச் சொன்னால் படி 1இலிருந்து திரும்ப வரைய வேண்டும். பழைய படத்தின் மேல் நுனியில் இன்னொரு ஒட்டுத்தாளை ஒட்டிச் சமாளிக்க முடியாது. தொடக்கம் மாறினால் ஐந்து பத்தியும் மாறும்.

கையெழுத்தான தாளில் தேதி போட்டு, திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும் என்று பெயர் எழுதுங்கள். மெர்ச்சண்டைசர் அதற்குப் பொருத்தமாகத் தோன்றுவார். ஆனால் படத்தில் அதிக வேலை அவருடையது, தன் வேலையின் எல்லையைத் தானே நகர்த்த அவருக்கு மனம் வரும். இரண்டு தாள்களும் கடைசியில் வந்து சேரும் இடத்தில் இருப்பவர் கணக்கர். அவரிடம் கொடுங்கள்.